வயரைத் தொடுமுன் சிம்: 2ஜி கருவியை வாகனத்தில் பொருத்துதல்

இந்த அத்தியாயம், வாகனம் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜி.பி.எஸ் கருவியோ, தட்டினால் உங்கள் போனுக்கு அழைக்கும் அலாரமோ ஏற்கெனவே கையில் வைத்திருப்பவருக்கானது. கருவி 2ஜி வலையமைப்பில் மட்டும் இயங்குவது. புதிதாக வாங்கப்போகிறீர்கள் என்றால் 4ஜி கருவியையே வாங்குங்கள். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜியை நிறுத்தினார்கள். அவுஸ்திரேலியாவின் நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிட்டன. அங்கிருந்து உறவினர் அனுப்பும் பழைய கருவிகள் அங்கே பயன்படாமல் போனவையாகவே இருக்கலாம். இலங்கையில் 1995 இல் டயலொக் தொடக்கிவைத்த ஜி.எஸ்.எம் சேவைதான் நாம் இன்று 2ஜி என்று சொல்வது. அதை நம்பித்தான் இந்தக் கருவிகள் உயிரோடு இருக்கின்றன.

நம் கடைகளிலும் இணையத்திலும் அதிகம் காணப்படும் சினோட்ராக் எஸ்.டி-901 என்ற கருவியை வைத்தே படிகளைச் சொல்கிறேன். பெட்டியில் ST-901 என்று மட்டும் இருந்தால் அது 2ஜி. ST-901L என்று இருந்தால் 4ஜி, அதற்கு இந்த அத்தியாயம் தேவையில்லை.

உங்கள் போனின் சிக்னலை நம்பவேண்டாம்

இலங்கைத்துறை முகத்துவாரத்தில் மீன் ஏற்றும் ஓட்டோ ஒன்றுக்கு இந்தக் கருவியைப் பொருத்திக் கொடுத்திருந்தார்கள். பட்டணத்தில் ஒரு கராஜில் செய்த வேலை. திருகோணமலையிலும் மூதூரிலும் வண்டி நிற்கும் இடம் சரியாகத் தெரிந்தது. இரவில் வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தில் வண்டி உறைந்துபோய்விடும், விடிந்து புறப்பட்ட பிறகுதான் அசையும். "அண்ணை, என்ர போன்ல நாலு கோடும் நிக்குது, இதுக்கு மட்டும் ஏன் சிக்னல் இல்லை?" என்று ஓட்டோக்காரத் தம்பி கேட்டார். வண்டி களவு போகும் நேரம் இரவு. அந்த நேரத்தில்தான் கருவி குருடாக இருந்தது.

காரணம் எளிது. இன்றைய போன் கிடைக்கும் வலையமைப்புகளில் நல்லதைப் பிடித்துக்கொள்ளும். திரையில் தெரியும் நாலு கோடும் 4ஜியின் கோடுகள். அதே கோபுரம் 2ஜியை மெல்லியதாக அனுப்பலாம், அல்லது அனுப்பாமலே இருக்கலாம். 2ஜிக்குக் கொடுத்திருந்த அலைவரிசையை நிறுவனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக 4ஜிக்கு மாற்றிவருகின்றன. உங்கள் போனில் இந்த மாற்றம் தெரியாது, கருவிக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகவே எந்த நிறுவனத்தின் சிம் நல்லது என்று கடையில் கேட்டுப் பயனில்லை. வண்டி இரவில் நிற்கும் இடத்தில் எந்தச் சிம்முக்கு 2ஜி கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. அதை நீங்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

முதல் வேலை: இடத்தைச் சோதித்தல்

வீட்டில் ஒதுக்கிவைத்த பழைய பட்டன் போன் ஒன்றைத் தேடி எடுங்கள். 3ஜி, 4ஜி எதுவும் இல்லாத போனாக இருக்கவேண்டும். அதற்குக் கேட்பதுதான் கருவிக்கும் கேட்கும். பட்டன் போன் இல்லையென்றால் அன்ட்ராய்ட் போனில் சிம் அமைப்புகளுக்குள் வலையமைப்பு வகையை "2ஜி மட்டும்" என்று மாற்றலாம். சில போன்களில் அந்தத் தெரிவு வெளியே காட்டப்படாது. அப்போது இதை டயல் செய்து பாருங்கள்:

```
*#*#4636#*#*
```

திறக்கும் பக்கத்தில் வலையமைப்பு வகைகளின் பட்டியல் இருக்கும், அதில் `GSM only` என்பதைத் தெரிவுசெய்யவேண்டும். சோதனை முடிந்ததும் பழையபடி மாற்ற மறக்கவேண்டாம். மறந்தால் உங்கள் இணையம் ஊர்ந்துதான் போகும்.

1. வீட்டாரிடமும் அயலவரிடமும் வெவ்வேறு நிறுவனச் சிம்களைக் கேட்டு வாங்குங்கள். டயலொக், எஸ்.எல்.ரி மொபிடெல், ஹட்ச் மூன்றும் போதும். எயார்டெல் 2024 இல் டயலொக்குடன் இணைந்துவிட்டது.
2. வண்டி நிறுத்தும் அதே இடத்துக்குப் போங்கள். முற்றத்தில் அல்ல, தகரக் கொட்டிலுக்குள் நிறுத்துவதானால் கொட்டிலுக்குள். தகரம் சிக்னலைத் தின்னும்.
3. ஒவ்வொரு சிம்மையும் போட்டு, போனை அணைத்துத் திரும்ப இயக்கி, இரண்டு நிமிடம் பொறுங்கள்.
4. ஒரு அழைப்பு எடுங்கள், ஒரு எஸ்.எம்.எஸ் அனுப்புங்கள், ஒன்றைப் பெறுங்கள். மூன்றும் நடக்கவேண்டும்.
5. அன்ட்ராய்டில் சோதிப்பதானால் வைஃபையை நிறுத்திவிட்டு ஒரு சின்ன இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திரையின் மேல் `E` அல்லது `G` என்ற எழுத்து வரவேண்டும். பக்கம் மெதுவாக வந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும்.
6. இதையே வண்டி அதிக நேரம் நிற்கும் இன்னொரு இடத்திலும் செய்யுங்கள்: மீன் வாடி, ஓட்டோத் தரிப்பிடம், வேலைத்தலம்.

தம்பியின் வீட்டில் கருவியில் இருந்த சிம்மைப் பட்டன் போனில் போட்டபோது முற்றத்தில் ஒரு கோடு வந்து வந்து போனது, கொட்டிலுக்குள் ஒன்றுமே இல்லை. மனைவியின் போனில் இருந்த வேறு நிறுவனச் சிம்முக்குக் கொட்டிலுக்குள்ளேயே இரண்டு கோடு நின்றது. கருவியில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அதைக் கழற்றிப் புதிதாக வாங்கச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று சிம்முக்கும் 2ஜி கிடைக்காத இடமும் இருக்கும். அங்கே இந்தக் கருவியை வைத்து மினக்கெடவேண்டாம். எந்தக் கட்டளையும் அதை மாற்றாது.

*படகுக்காரருக்கு:* இந்தக் கருவியைப் படகில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். கரையோரக் களவுக்குக் காவலாக வைக்கலாம். ஆழ்கடலுக்கு வேண்டாம். ஜி.எஸ்.எம் கோபுரம் சாதாரண அமைப்பில் சுமார் 35 கிலோமீற்றருக்கு அப்பால் எந்தப் போனுடனும் பேசாது. சிக்னல் எவ்வளவு பலமானாலும் அந்தத் தொலைவை அது தாண்டாது. கடலில் உயிர்காப்புக்கு இதை நம்பவே கூடாது.

சிம்மைத் தயார்செய்தல்

சிம்மை உங்கள் சொந்த அடையாள அட்டையில் எடுங்கள். அயலவர் பெயரில் உள்ள சிம் தொலைந்தால் அதே இலக்கத்தைத் திரும்ப எடுக்க அவர்தான் வரவேண்டும். கருவியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ எண் இருக்கும். அதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909 இற்கு எஸ்.எம்.எஸ் அனுப்பினால் பதிவில் உள்ளதா என்று பதில் வரும்:

```
IMEI 123456789012345
```

பிறகு சிம்மைப் போனில் போட்டு இந்த வேலைகளை முடியுங்கள். கருவிக்குத் திரையில்லை, உள்ளே போனபின் எதையும் செய்யமுடியாது.

1. சிம் பின்னை நீக்குங்கள். போனை இயக்கும்போது நாலு இலக்கம் கேட்டால் கருவிக்கும் கேட்கும். அதைத் தட்டிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை.
2. அழைப்புத் திருப்புதலையும் குரல் அஞ்சலையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கருவி பதில் சொல்கிறதா இல்லையா என்பதை அழைத்துப் பார்த்து அறியமுடியாது.
3. பழைய எஸ்.எம்.எஸ்களை அழியுங்கள். சிம்மின் சிறிய நினைவகம் நிரம்பியிருந்தால் புதிய கட்டளை உள்ளே போகாது. விளம்பரச் செய்திகளை நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் செய்துவிடுங்கள்.
4. ஏ.பி.என் பெயரை எழுதிவையுங்கள். இணையத்துக்குள் நுழையும் வாசலின் பெயர் அது. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. அந்தச் சிம் போட்ட அன்ட்ராய்டில் மொபைல் வலையமைப்பு அமைப்புக்குள் `Access Point Names` என்ற இடத்தில் பார்க்கலாம். சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்பதையும் அப்படியே எழுதுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல் என்று ஏதும் இருந்தால் அவற்றையும்.
5. டேட்டாவும் காசும் இரண்டும் போடுங்கள். டேட்டா வரைபடத்துக்கு, காசு கருவி திருப்பி அனுப்பும் எஸ்.எம்.எஸ்ஸுக்கு.

ஐந்தாவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வட்ஸ்அப், யூரியூப், பேஸ்புக் என்று பெயர் போட்ட பொதிகள் கருவிக்கு ஒன்றுக்கும் உதவாது, அவை அந்தந்தச் செயலிகளுக்கு மட்டும். இரவு டேட்டா, பகல் டேட்டா என்று பிரித்துத் தரும் பொதியில் பகல் பங்கு முடிந்தால் கருவி பகலில் ஊமையாகும். 4ஜிக்கு மட்டும் என்று எழுதிய பொதியும் வேண்டாம். எந்த நேரமும், எந்த வலையமைப்பிலும் ஓடும் மிகச் சிறிய பொதியைக் கேளுங்கள். கருவிக்கு அதிகம் தேவையில்லை. ஓடும்போது 20 வினாடிக்கு ஒருமுறை, நிற்கும்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தை அனுப்புகிறது என்று வையுங்கள். நாளுக்கு எட்டு மணிநேரம் ஓடினால் சுமார் 1,600 செய்திகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 பைட். நாளுக்கு ஒரு எம்.பியின் மூன்றில் ஒரு பங்கு, மாதத்துக்கு 10 எம்.பி. நிறுவனம் கணக்கை மேல்நோக்கி முழுமையாக்குவதால் இரண்டு மடங்கு என்று கொண்டாலும் 100 எம்.பி தாராளம்.

பொதி முடியும் நாளைப் போனில் நினைவூட்டலாக வைத்துவிடுங்கள். ரீலோட் செய்யாமல் பல மாதம் விட்டால் முற்கொடுப்பனவுச் சிம் செயலிழந்துபோகும்.

சிம்மைக் கருவிக்குள் போடுதல்

கருவியின் மின்சாரத்தையும் உள்பற்றரிச் சுவிட்சையும் நிறுத்திவிட்டுத்தான் சிம்மைப் போடவேண்டும். துளையின் அளவைப் பாருங்கள். இன்றைய சிம்மைச் சிறிதாக உடைத்து எடுத்திருப்பீர்கள், பழைய கருவிகள் பெரிய அளவைக் கேட்கும். சட்டத்திலிருந்து முழுதாகப் பிரிக்காத புதிய சிம் எடுப்பது நல்லது. பிளாஸ்ரிக் மாற்றுச் சட்டத்தில் நனோ சிம்மை வைத்துத் தள்ளினால், வண்டி குலுங்கும்போது அது நழுவும், இழுக்கும்போது உள்ளே உள்ள ஊசிகளை வளைத்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் சட்டத்தின் பின்பக்கத்தில் மெல்லிய ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி இறுக்குங்கள்.

மூடியில் இறப்பர் வளையம் இருந்தால் அது சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் கடற்கரைக் காற்றின் உப்பு சில மாதத்தில் தங்கநிறத் தொடுகையைப் பச்சையாக்கிவிடும்.

கட்டளைகள்: இன்னும் வயர் பூட்டவேண்டாம்

கருவியை வண்டியில் பொருத்தாமல், ஒரு 12 வோல்ட் பற்றரியில் தற்காலிகமாகக் கொடுத்து, வானம் தெரியும் இடத்தில் வையுங்கள். சிவப்பு நேர்முனைக்கு, கறுப்பு எதிர்முனைக்கு. இனி வருவதெல்லாம் உங்கள் போனிலிருந்து கருவியின் இலக்கத்துக்கு அனுப்பும் எஸ்.எம்.எஸ். எஸ்.டி-901 இன் தொழிற்சாலைக் கடவுச்சொல் `0000`.

முதலில் அழையுங்கள். மணி அடித்தாலோ, அடித்து உடனே துண்டித்தாலோ கருவி வலையமைப்பில் ஏறிவிட்டது. "தொடர்புகொள்ள முடியாது" என்று வந்தால் கட்டளை அனுப்பிப் பயனில்லை, சிம்மையும் மின்சாரத்தையும் பாருங்கள்.

1. உங்கள் இலக்கத்தைக் கட்டுப்பாட்டு இலக்கமாகக் கொடுங்கள். கடவுச்சொல்லுக்குப் பின் ஒரு இடைவெளி, பிறகு 1:

```
+947XXXXXXXX0000 1
```

2. ஏ.பி.என்னைக் கொடுங்கள். கீழே உள்ளது டயலொக்கின் `dialogbb` உதாரணம், உங்கள் சிம்மில் நீங்கள் பார்த்து எழுதியதையே போடுங்கள்:

```
8030000 dialogbb
```

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் அவற்றையும் இடைவெளி விட்டு அதே வரியில் சேர்க்கவேண்டும்.

3. நேர வலயத்தைப் பூச்சியத்தில் வையுங்கள். இலங்கை நேரத்தைச் செயலி தானே கூட்டிக்கொள்ளும். நீங்களும் கூட்டினால் இரண்டு தரம் கூடும்:

```
8960000E00
```

4. எல்லாவற்றையும் திருப்பிக் கேளுங்கள்:

```
RCONF
```

முதல் மூன்றுக்கும் `SET OK` என்று பதில் வரும். அடுத்ததை அதற்கு முன் அனுப்பவேண்டாம். 2ஜியில் பதில் வர ஒரு நிமிடம் எடுக்கலாம். பொறுமையில்லாமல் ஒரே கட்டளையை ஐந்து தரம் அனுப்புவதால் குழப்பம்தான் மிஞ்சும்.

`RCONF` இன் பதில் நீளமாக இருக்கும். அதில் மூன்றை மட்டும் பாருங்கள். `APN` இல் நீங்கள் கொடுத்த பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா? `GPS` இற்குப் பின் `A` வந்தால் செய்மதி பிடித்திருக்கிறது, `V` வந்தால் பிடிக்கவில்லை. `GSM` இற்குப் பின் வரும் எண் சிக்னலின் பலம், 31 தான் உச்சம். 10 இற்குக் கீழே இருந்தால் அந்த இடத்தில் கருவி அடிக்கடி அறுபடும். தம்பியின் கொட்டிலில் பழைய சிம்முக்கு இந்தச் செய்தியே போகவில்லை. புதிய சிம்முக்கு 16 காட்டியது.

ஆனால் வரைபடத்தில் வண்டி இன்னும் அசையவில்லை. எஸ்.எம்.எஸ் போய் வருகிறது, இணையம் இல்லை. `RCONF` ஐத் திரும்பப் படித்தபோது `APN` இல் பழைய நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. சிம்மை மாற்றினோம், வாசலின் பெயரை மாற்றவில்லை. இரண்டாம் கட்டளையை அனுப்பியதும் மூன்று நிமிடத்தில் வண்டி வீட்டுக்கு வந்து நின்றது. சிம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஏ.பி.என்னையும் மாற்றவேண்டும்.

5. கடைசியாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 777, பிறகு புதியது, பிறகு பழையது. புதியது 4821 என்றால்:

```
77748210000
```

இதன்பின் எல்லாக் கட்டளையிலும் 0000 இருந்த இடத்தில் புதிய எண் வரும். இதைத் தவிர்க்கவே கூடாது. கருவியின் இலக்கமும் 0000 என்பதும் தெரிந்த எவரும் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டு அறியலாம். செயலிக்குள் நுழையும் கடவுச்சொல்லும் 123456 என்றே வரும், அதையும் மாற்றுங்கள்.

உங்கள் கருவி ஜி.டி06 வகையென்றால் கட்டளையின் வடிவம் வேறு. காற்புள்ளியால் பிரித்து `#` இல் முடியும்:

```
APN,dialogbb#
STATUS#
```

இரண்டாவதன் பதிலில் `GPRS:Link Up` என்று இருந்தால் இணையம் கிடைத்துவிட்டது.

எங்கே அறுந்தது என்று அறிதல்

கோளாறு வந்தால் கருவியைக் கழற்றுமுன் இந்த வரிசையில் போங்கள்.

- *அழைப்பே போகவில்லை:* மின்சாரம் இல்லை, அல்லது சிம் தொடவில்லை, அல்லது அந்த இடத்தில் 2ஜி இல்லை. வண்டியை முதலில் நல்ல சிக்னல் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் அழையுங்கள். அங்கே மணி அடித்தால் கருவி நல்லது.
- *மணி அடிக்கிறது, எஸ்.எம்.எஸ்ஸுக்குப் பதில் இல்லை:* சிம்மில் காசு இல்லை, அல்லது கடவுச்சொல் பிழை. காசில்லாத சிம்மில் கருவி கட்டளையைச் செய்திருக்கும், சொல்லத்தான் முடியாமல் இருக்கும். ஆகவே ரீலோட் செய்துவிட்டு `RCONF` மட்டும் அனுப்புங்கள்.
- *எஸ்.எம்.எஸ் வருகிறது, வரைபடம் பழைய இடத்திலேயே நிற்கிறது:* ஏ.பி.என், அல்லது டேட்டாப் பொதி.
- *எல்லாம் இருக்கிறது, இடம் மட்டும் பிழை:* `GPS` இல் `V` இருக்கிறதா பாருங்கள். கருவி உலோகத்துக்கு அடியில் இருக்கிறது.
- *வண்டியை இயக்கும்போது மட்டும் அறுந்து திரும்ப வருகிறது:* மின் இணைப்பு மெலிவு. 2ஜி கருவி கோபுரத்தோடு பேசும் கணத்தில் மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக இழுக்கும். தளர்ந்த வயர் முடிச்சில் அந்தக் கணம் வோல்ட் விழுந்து கருவி அணைந்து எழும்பும்.

பொருத்துதலும் பாதுகாப்பும்

ஒரு நாள் முழுவதும் பற்றரியில் ஒழுங்காக ஓடிய பிறகு, இரவில் வண்டி நிற்கும் இடத்திலும் சோதித்த பிறகு, வயருக்கு வாருங்கள்.

1. பற்றரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள்.
2. கருவியின் சிவப்பு வயரில், பற்றரிக்கு அண்மையில், 2 அம்பியர் பியூஸ் ஒன்றைச் சேருங்கள். பியூஸ் இல்லாத வயர் உராய்ந்து உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கும். ஓட்டோவில் பெற்றோல் தாங்கி அருகிலேயே இருக்கிறது.
3. வயரை முறுக்கி நாடா சுற்றுவதோடு விடாமல் ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள்.
4. கருவியை வெயிலும் இயந்திரச் சூடும் நேரே படாத இடத்தில், ஜி.பி.எஸ் பக்கம் வானத்தைப் பார்க்கவைத்து, குலுங்காமல் கட்டுங்கள். பிளாஸ்ரிக் மூடிக்குப் பின்னால் வைக்கலாம், தகரத்துக்குப் பின்னால் வேண்டாம். உள்ளே சிறு லிதியம் பற்றரி இருக்கிறது, சூட்டில் அது ஊதும்.
5. எதிர்முனையைக் கடைசியாகப் பூட்டி, `RCONF` ஐ ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.

சில கருவிகளோடு இயந்திரத்தை நிறுத்தும் ரிலே வரும். எஸ்.எம்.எஸ் அனுப்பினால் எரிபொருளோ மின்னோ துண்டிக்கப்படும். உங்களுக்குப் பழக்கமில்லையென்றால் அதைப் பூட்டவேண்டாம். பூட்டியிருந்தாலும், ஓடும் வண்டியில் ஒருபோதும் அந்தக் கட்டளையை அனுப்பக்கூடாது. 2ஜியில் செய்தி தாமதமாகவும் போகும். வண்டி நிற்கிறது என்று வரைபடத்தைப் பார்த்து நீங்கள் அனுப்பியது, அது கிண்ணியாப் பாலத்தின் நடுவில் பஸ்ஸுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது சென்றடையலாம்.

வண்டியை வேறொருவர் ஓட்டுகிறார் என்றால் கருவி இருப்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். வண்டி களவு போனால், வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நீங்களே துரத்திப் போகவேண்டாம். 119 இற்கு அழையுங்கள், இலக்கத்தகட்டு எண்ணையும் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள்.

மாதத்தில் ஒருநாள், வண்டி இரவில் நிற்கும் இடத்தில் வைத்து, `RCONF` அனுப்பி `GSM` எண்ணை ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். தம்பியின் கொப்பியில் முதல் வரி 16. அந்த எண் மாதத்துக்கு மாதம் இறங்கி 10 இற்குக் கீழே போனால், அந்தக் கோபுரத்தில் 2ஜி குறைந்துவருகிறது என்று எண்ணி, மற்றச் சிம்களைத் திரும்பச் சோதியுங்கள். மூன்றிலும் இறங்கினால் 4ஜி கருவிக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம்.